கடைசியாகக் கையை விட்டு எடுத்தால் மஞ்சள் குண்டு கிடைக்காதா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்துத் திடலில் தீபாவளிக்கு முன்னால் பலகாரக் கடைகள் போடுவார்கள். போன வருஷம் எட்டுப் பேர் இடம் கேட்டிருந்தார்கள். சாலையோரமாக மூன்று இடம், பின்வரிசையில் ஐந்து. தோட்டத்திலிருந்து மோட்டாரில் வருகிறவர்கள் வண்டியை நிறுத்தாமலே பார்த்து வாங்குவது சாலையோரக் கடைகளில்தான். அதனால் எல்லாருக்கும் அந்த மூன்றின் மேல்தான் கண்.

சரி, குலுக்கிப் போடலாம் என்று முடிவானது. ஒரு மைலோ டின்னில் மூன்று மஞ்சள் கோலிக்குண்டு, ஐந்து சிவப்புக் கோலிக்குண்டு. மஞ்சள் எடுத்தால் சாலையோரம், சிவப்பு எடுத்தால் பின்வரிசை. எடுத்த குண்டைத் திரும்ப டின்னில் போடக்கூடாது. பெயர் கொடுத்த வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து எடுக்க வேண்டும்.

முறுக்கு விற்கும் அக்கா பெயர் கொடுத்தது கடைசியில். அவருக்கு மனசு ஆறவில்லை. “தம்பி, எனக்கு முன்னால ஏழு பேர் கைவிட்டா, டின்னுல மஞ்சள் எங்கே மிச்சமிருக்கும்? முதல்ல எடுக்கிறவங்களுக்குத்தானே லாபம்?” என்று கேட்டார்.

நான் படிவம் 4 பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவன். அவர்கள் பள்ளியில் மலாயில் படிப்பதால் நிகழ்தகவை ‘கெபாராங்காலியான்’ என்பார்கள், மர வரைபடத்தைச் சுருக்கி ‘ராஜா போக்கோக்’ என்பார்கள். அக்கா கேட்டது அவர்கள் பாடப் பகுதிதான். ஆனால் தேர்வுத்தாளில் இவ்வளவு நல்ல கேள்வியாக அது வருவதில்லை. அவருடைய பலகார விலைப்பட்டியலின் பின்பக்கத்திலேயே வரைந்து காட்டினேன்.

முதலில் இரண்டு பேர் எடுப்பதை மட்டும் பார்ப்போம். முதல் ஆள் கைவிடும்போது டின்னில் எட்டுக் குண்டு, அதில் மஞ்சள் மூன்று. எனவே மஞ்சள் கிடைக்கும் வாய்ப்பு 3/8, சிவப்புக்கு 5/8. தாளின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து இரண்டு கிளை இழுத்து, இந்த இரண்டு எண்களையும் கிளைகளின் மேல் எழுத வேண்டும்.

அடுத்த கிளைகளை எழுதும்போது டின்னுக்குள் எட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆள் மஞ்சளை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது ஏழு: மஞ்சள் இரண்டு, சிவப்பு ஐந்து. அவர் சிவப்பை எடுத்திருந்தால் அப்போதும் ஏழுதான், ஆனால் மஞ்சள் மூன்று, சிவப்பு நான்கு. ஒரே டின்தான், ஆனால் மரத்தின் மேல்கிளையில் நிற்கும்போது அது ஒரு டின், கீழ்க்கிளையில் நிற்கும்போது வேறொரு டின். திரும்பப் போடாமல் எடுக்கும் கணக்கு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

```
முதல் குண்டு     இரண்டாம் குண்டு

மஞ்சள் 3/8  --->  மஞ்சள்  2/7  --->   6/56
            --->  சிவப்பு  5/7  --->  15/56

சிவப்பு 5/8  --->  மஞ்சள்  3/7  --->  15/56
            --->  சிவப்பு  4/7  --->  20/56
```

ஒரு பாதை வழியே போகும்போது பெருக்குகிறோம். ஏன் பெருக்கல்? இதே குலுக்கலை 56 முறை நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக அதில் எட்டில் மூன்று பங்கு, அதாவது 21 முறை, முதல் குண்டு மஞ்சளாக இருக்கும். அந்த 21-இல் ஏழில் இரண்டு பங்கு, அதாவது 6 முறை, இரண்டாவதும் மஞ்சளாக இருக்கும். பங்கில் ஒரு பங்கு எடுக்கிறோம், அதனால் பெருக்கல். வெவ்வேறு பாதைகளைச் சேர்த்துச் சொல்லும்போது கூட்டல், ஏனென்றால் ஒரே குலுக்கல் இரண்டு பாதையில் போக முடியாது.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். இரண்டாவதாக எடுப்பவருக்கு மஞ்சள் கிடைக்கும் பாதைகள் இரண்டு. முதல் ஆளும் மஞ்சள் எடுத்து, இவரும் மஞ்சள் எடுப்பது ஒன்று: 6/56. முதல் ஆள் சிவப்பு எடுத்து, இவர் மஞ்சள் எடுப்பது இன்னொன்று: 15/56. கூட்டினால் 21/56. சுருக்கினால் 3/8.

முதல் ஆளுக்கு இருந்த அதே 3/8!

அக்கா நம்பவில்லை. “முன்னாடி ஒருத்தர் மஞ்சளை எடுத்துட்டா எனக்குக் குறையுமே?” என்றார். குறையும்தான். அந்தக் கிளையில் இரண்டாம் ஆளின் வாய்ப்பு 2/7, அதாவது நூற்றுக்குச் சுமார் 29. ஆனால் முன்னவர் சிவப்பு எடுத்தால் அது 3/7, நூற்றுக்குச் சுமார் 43 ஆக ஏறுகிறது. நல்லதைத் தட்டிக்கொண்டு போகிறவரை நாம் கவனிக்கிறோம். சிவப்பை எடுத்து நமக்கு வழி விட்டுப் போகிறவரைக் கவனிப்பதில்லை. இங்கே சிவப்பு அதிகம் என்பதால் வழி விட்டுப் போகிறவர்தான் அடிக்கடி வருவார். குறைவதும் ஏறுவதும் அந்தந்தக் கிளையின் எடையோடு சேரும்போது, சரியாகப் பழைய 3/8-க்கே வந்து நிற்கிறது.

மூன்றாவது ஆளுக்கு மரத்தை இன்னொரு அடுக்கு நீட்டினேன். முதல் இருவரும் சிவப்பு எடுத்திருந்தால் (20/56) மீதி ஆறில் மஞ்சள் மூன்று. ஒருவர் மஞ்சள், ஒருவர் சிவப்பு எடுத்திருந்தால் (எந்த வரிசையில் எடுத்தாலும் சேர்த்து 30/56) மீதி ஆறில் மஞ்சள் இரண்டு. இருவரும் மஞ்சள் எடுத்திருந்தால் (6/56) ஆறில் ஒன்றுதான். பெருக்கிக் கூட்டினால் (60 + 60 + 6)/336, அதாவது 126/336. அதுவும் 3/8.

எட்டாவது ஆள் வரை வரைய அந்தத் தாள் போதாது, போதுமானாலும் தேவையில்லை. எல்லாரும் குண்டை எடுத்துக் கையை மூடிக்கொண்டு, கடைசியில் ஒரே நேரத்தில் திறப்பதாக நினைத்துப் பாருங்கள். எட்டு மூடிய கைகளில் எட்டுக் குண்டு. எந்தக் கை முதலில் டின்னுக்குள் போனது என்பது குண்டுக்குத் தெரியாது. எட்டாவது கையில் இருப்பது எட்டில் எந்தக் குண்டாகவும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் சமவாய்ப்பு. அவற்றில் மூன்று மஞ்சள். இதைச் சொன்னபோதுதான் அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. வரைபடத்தைவிட மூடிய கைதான் அவருக்குப் பிடித்தது.

அக்காவின் தங்கையும் அதிரசக் கடைக்கு இடம் கேட்டிருந்தார். “எங்க ரெண்டு பேருக்குமே சாலையோரம் விழுமா?” என்பது அடுத்த கேள்வி. யார் எந்த வரிசையில் எடுத்தாலும் ஒன்றுதான் என்று பார்த்துவிட்டதால், மரத்தின் மேல்பாதையையே எடுத்துக்கொள்ளலாம்: 6/56, நூற்றுக்கு 11-க்கும் குறைவு. இருவரில் ஒருவருக்காவது விழுவது? மூன்று பாதைகளைக் கூட்டுவதைவிட, இருவருக்கும் விழாத ஒரே பாதையை 1-இலிருந்து கழிப்பது சுலபம்: 1 − 20/56 = 36/56. நூற்றுக்குச் சுமார் 64. சரியாக ஒருவருக்கு மட்டும் விழுவது 30/56. இந்த இடத்தில் என் மாணவர்கள் ஒரு பாதையை மட்டும் எடுத்து 15/56 என்று எழுதிவிடுவார்கள். அக்காவுக்கு விழுந்து தங்கைக்கு விழாதது ஒரு பாதை, தங்கைக்கு விழுந்து அக்காவுக்கு விழாதது இன்னொன்று. ‘ஒவ்வொரு நிறத்தில் ஒன்று’ என்று கேள்வியில் பார்த்தவுடன், எத்தனை வரிசையில் அது நடக்கும் என்று விரலால் மரத்தைத் தடவிப் பார்க்கச் சொல்வேன்.

மற்ற தவறுகளைக் கண்டுபிடிக்க மரமே உதவும். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் கிளைகளின் கூட்டுத்தொகை 1 ஆக இருக்க வேண்டும். ஒரு பையன் கீழ் எண்ணை மட்டும் குறைத்து, மேல் எண்ணைக் குறைக்க மறந்து, 3/7, 5/7 என்று எழுதினான். கூட்டினால் 8/7. ஏழு குண்டில் எட்டுக் குண்டு! இன்னொரு மாணவி மேல் எண்ணை மட்டும் குறைத்து 2/8, 5/8 என்று எழுதினாள். 7/8 தான் வருகிறது, ஒரு குண்டைக் காணோம். இரண்டும் உடனே பிடிபட்டுவிட்டன.

பிடிபடாத தவறும் ஒன்று உண்டு. இரண்டாம் அடுக்கிலும் மறுபடி 3/8, 5/8 என்றே எழுதிவிட்டால், கிளைகள் 1 ஆகும், பாதை முனைகளும் மொத்தம் 1 ஆகும், எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் அது குண்டைத் திரும்பப் போட்டுவிட்டு எடுக்கும் வேறொரு விளையாட்டின் விடை. இருவருக்கும் மஞ்சள் என்பது அதில் 9/64, நூற்றுக்குச் சுமார் 14. இதைக் கூட்டலால் பிடிக்க முடியாது. ஒவ்வொரு கிளை முனையிலும் ‘உள்ளே எத்தனை மஞ்சள், எத்தனை சிவப்பு’ என்று பென்சிலில் சின்னதாக எழுதுவதுதான் வழி. நான் அதை எழுதாத தாளைத் திருத்துவதே இல்லை.

டின் பெரிதானால் இந்த வித்தியாசம் கரைந்துபோகும். 800 குண்டில் 300 மஞ்சள் என்றால், திரும்பப் போடாமல் இரண்டும் மஞ்சளாக வரும் வாய்ப்பு 300/800 × 299/799, ஏறக்குறைய 0.1403. திரும்பப் போட்டால் 0.1406. ஒரு குண்டு போனது அவ்வளவு பெரிய டின்னுக்கு உறைக்காது. எட்டுக் குண்டு டின்னுக்கு உறைக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் டின்னுக்குள் எல்லாக் குண்டுக்கும் சமவாய்ப்பு இருந்தால்தான் செல்லும். சிவப்பை முதலில் கொட்டி, மஞ்சளை மேலே போட்டுவிட்டு, சரியாகக் குலுக்காமல் விட்டால், முதலில் கைவிடுகிறவருக்கு உண்மையாகவே லாபம். பெரிய அளவிலேயே இப்படி நடந்திருக்கிறது. 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில், வியட்நாம் போர்க் காலத்தில், யாரை முதலில் படைக்கு அழைப்பது என்று பிறந்த தேதிகளைக் குலுக்கி எடுத்தார்கள். 366 தேதிகள், 366 நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிகள், ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. எடுத்ததைத் திரும்பப் போடவில்லை. ஆனால் குப்பிகளை மாத வரிசையில் சேர்த்திருந்தார்கள், கலக்கியது போதவில்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் தேதிகள் சீக்கிரமாக வெளியே வந்தன. டிசம்பரில் பிறந்த இளைஞர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

எங்கள் டின்னிலும் ஒரு சிக்கல் இருந்தது. மளிகைக் கடையில் வாங்கிய மஞ்சள் குண்டுகளில் ஒன்று மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, ஆனால் விரல்களுக்கு நடுவில் உருட்டினால் தெரிந்தது. அதை மாற்றி, ஒரே அளவில் வேறொன்று போட்டோம். டின்னை மூடிபோட்டு, தலைகீழாகத் திருப்பித் திருப்பி நன்றாகக் குலுக்கினோம். அப்புறம் எட்டுப் பேரும் வரிசையாக வந்து எடுத்துக் கையை மூடிக்கொண்டார்கள், கடைசியில் எல்லாரும் ஒன்றாகத் திறந்தார்கள். அக்கா கையில் சிவப்பு. முதலில் எடுத்த ஆள் கையிலும் சிவப்பு.