22-லிருந்து 48: வைட்டமின் டி கூடியதா, குறைந்ததா?

சென்னையில் ஆகஸ்டில் எடுத்த ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 22. மகள் வீட்டுக்கு லண்டன் போன இடத்தில் பிப்ரவரியில் எடுத்த ரிப்போர்ட்டில் 48. அறுபது வயது அம்மா ஒருவரின் கையில் இந்த இரண்டு தாள்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அளவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது போலத் தெரியும். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றும் தோன்றும். ஆனால் அந்த ரத்தத்தில் வைட்டமின் டி ஏறவே இல்லை.

எண்ணுக்கு அடுத்த கட்டத்தைப் பாருங்கள். சென்னை ரிப்போர்ட்டில் ng/mL என்று இருக்கும், அதாவது ஒரு மில்லிலிட்டரில் எத்தனை நானோகிராம். லண்டன் ரிப்போர்ட்டில் nmol/L, அதாவது ஒரு லிட்டரில் எத்தனை நானோமோல். முதலாவது எடை, இரண்டாவது எண்ணிக்கை. நூறு கிராம் கடுகும் நூறு கிராம் கொண்டைக்கடலையும் தராசில் ஒன்றுதான், ஆனால் எண்ணிப் பார்த்தால் கடுகு பல மடங்கு அதிகம். மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணிச் சொல்லும் அளவு. உடலில் வேதிவினைகள் மூலக்கூறுக்கு மூலக்கூறு என்று நடப்பதால், பிரிட்டன் 1970களில் மருத்துவமனை ரிப்போர்ட்டுகளை இந்தக் கணக்குக்கு மாற்றிக்கொண்டது. ஆஸ்திரேலியாவும் கனடாவும் அப்படித்தான். இந்தியாவும் அமெரிக்காவும் இதில் எடையிலேயே நிற்கின்றன.

எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் போக ஒரு மூலக்கூறின் எடை தெரிய வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வைட்டமின் டி3-இன் மூலக்கூறு எடை 384.6. அதைப் போட்டுக் கணக்கிட்டால் விடை தவறும். ஏனென்றால் லேப் அளப்பது நாம் விழுங்கும் டி3-ஐ அல்ல. கல்லீரல் அதில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆக மாற்றுகிறது. அது ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்குவதால்தான் உடலின் இருப்பைக் காட்ட அதை அளக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 25-OH என்று போட்டிருப்பது இதைத்தான். இதன் மூலக்கூறு எடை 400.6. அதாவது ஒரு நானோமோல் 400.6 நானோகிராம் எடை இருக்கும்.

சரி, இப்போது கணக்கு. ஒரு மில்லிலிட்டரில் 22 நானோகிராம் என்றால் ஒரு லிட்டரில் 22,000 நானோகிராம். அதை 400.6-ஆல் வகுத்தால் 54.9. ஆக, சென்னையின் 22 என்பது லண்டன் கணக்கில் 55. இதைச் சுருக்கினால் கிடைப்பது:

```
nmol/L = ng/mL × 2.496
ng/mL  = nmol/L ÷ 2.496
```

மனக்கணக்குக்கு 2.5 போதும், ரிப்போர்ட் எண்ணில் அந்த வித்தியாசம் தெரியாது. திரும்பி வரும்போது 4-ஆல் பெருக்கி 10-ஆல் வகுக்கலாம்: 48-ஐ நான்கால் பெருக்கினால் 192, பத்தால் வகுத்தால் 19.2. அதாவது 22-லிருந்து 48-க்கு ஏறியதாகத் தெரிந்தது, உண்மையில் 22-லிருந்து 19.2-க்கு வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் µg/L என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அதுவும் ng/mL-ம் ஒன்றுதான், எண் மாறாது.

இந்தக் குழப்பம் இரு பக்கமும் கெடுக்கும். லண்டனின் 48-ஐச் சென்னைக் கண்ணோடு பார்த்தால், குறைவாக இருக்கும் ஒருவர் நன்றாக இருப்பதாகத் தெரியும். சென்னையின் 22-ஐ பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர் தன் கணக்கில் படித்துவிட்டால், அங்கே 25-க்குக் கீழே என்றால் பற்றாக்குறை. உடனே பெரிய அளவில் மாத்திரை எழுதிவிடலாம், தேவையே இல்லாமல்.

அலகு எழுதாமல் வெறும் எண் மட்டும் வாட்ஸப்பில் வந்தால், பக்கத்தில் உள்ள இயல்பளவைக் கேட்டு வாங்குங்கள். 30 முதல் 100 வரை என்றால் அது நானோகிராம். 75 முதல் 250 வரை என்றால், அதே எல்லையை 2.5-ஆல் பெருக்கியது, அதாவது நானோமோல். அலகில் பிக்கோ என்று வந்தால், pg/mL அல்லது pmol/L, அது வேறு டெஸ்ட். சிறுநீரகம் இன்னும் ஓர் ஆக்சிஜன் சேர்த்து உருவாக்கும் 1,25-டைஹைட்ராக்சி வைட்டமின் டி அது. அதன் பெருக்கும் எண் 2.4. உடலின் இருப்பை அது காட்டாது, அதனால் 25-OH எண்ணோடு அதை ஒப்பிடவே கூடாது. மாத்திரை அட்டையில் உள்ள 60,000 ஐயூ என்பதும் இந்தக் கணக்கில் சேராது, அது விழுங்கும் அளவு.

அலகைச் சரிசெய்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். அதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். அம்மாவின் 22-க்குச் சென்னை ரிப்போர்ட்டில் 'போதாது' என்று குறி போட்டிருக்கும். ஏனென்றால் ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க என்டோகிரைன் சொசைட்டி 2011-ல் சொன்ன எல்லைகளை இங்கே பல லேப்கள் பின்பற்றுகின்றன: 20-க்குக் கீழே பற்றாக்குறை, 30-க்குக் கீழே போதாமை. பிரிட்டனிலோ 50 நானோமோலுக்கு மேலே இருந்தாலே போதும் என்பது வழக்கம். அதே ரத்தம், அதே 55, அங்கே நல்ல நிலை! இது பெருக்கிச் சரிசெய்யக்கூடிய வித்தியாசம் இல்லை. எது போதுமான அளவு என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே உள்ள கருத்து வேறுபாடு. அந்தச் சொசைட்டியே 2024-ல் தன் பழைய எல்லைகளைத் தாங்கிப் பிடிப்பதை விட்டுவிட்டது. அதனால் எண்ணை மாற்றும்போது அதற்குரிய இயல்பளவையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டின் எல்லையோடு வைத்துப் பார்க்காதீர்கள்.

அப்படியானால் 22-லிருந்து 19.2-க்கு உண்மையிலேயே இறங்கியதா? இறங்கியிருக்கலாம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை பிரிட்டன் வெயிலில், தோல் வைட்டமின் டி தயாரிக்கத் தேவையான புற ஊதாக் கதிர் போதுமான அளவு இருக்காது, பிப்ரவரியில் அளவு குறைவது இயல்புதான். ஆனால் இந்த இரண்டு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஒரே லேபில் ஒரே ரத்தத்தை இரண்டு முறை சோதித்தாலும் சில சதவீதம் முன்னே பின்னே வரும். ஒரு லேப் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தி அளக்க, இன்னொன்று மூலக்கூறுகளை எடையால் பிரித்தறியும் நிறை நிறமாலைமானியால் அளந்தால் வித்தியாசம் 10 சதவீதத்தையும் தாண்டலாம். 22-க்கு இருபுறமும் 10 சதவீதம் விட்டால் 19.8 முதல் 24.2 வரை, 19.2-க்கு விட்டால் 17.3 முதல் 21.1 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. லேப்களின் முடிவுகளை ஒரே தரத்துக்குக் கொண்டுவர 2010-ல் ஒரு சர்வதேசத் திட்டமே தொடங்கப்பட்டது என்பதிலிருந்து இந்தச் சிக்கலின் அளவு புரியும்.

மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், இரண்டு முறையும் ஒரே லேபில், ஒரே முறையில் அளப்பதுதான் நம்பகமானது. அது முடியாதபோது அம்மா தன் நோட்டில் இப்படி எழுதி வைக்கலாம்: "25-OH வைட்டமின் டி, ஆகஸ்ட், 22 ng/mL (55 nmol/L), சென்னை; பிப்ரவரி, 48 nmol/L (19 ng/mL), லண்டன்." அளந்த முறையின் பெயர் ரிப்போர்ட்டின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தால் அதையும் பக்கத்தில் குறித்துவிட்டால், அடுத்த மருத்துவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அவருக்கு அது போதும்.