சொந்த ஜெனரேட்டர் ஓடுகிறது, தெனாகா பில் ஏன் இறங்கவில்லை?

பினாங்கில் தொழில் செய்கிற நம்மவர் சிலர், ஆற்றோரம் உள்ள தங்கள் மில்லில் சிறு நீர்மின் டர்பைன் பொருத்தலாமா என்று கேட்கிறார்கள். பொருத்தலாம். ஆனால் தெனாகாவின் பவர் ஃபேக்டர் விதியை முதலில் படித்துவிடுங்கள். இழுக்கும் மொத்த மின்சக்தியில் உண்மையில் வேலை செய்யும் பங்குதான் பவர் ஃபேக்டர்.

132 கிலோவோல்ட்டுக்குக் கீழே இணைப்பு வாங்கும் தொழிற்சாலைக்குப் பவர் ஃபேக்டர் 0.85க்குக் குறையக்கூடாது. குறைந்தால் 0.75 வரை ஒவ்வொரு 0.01க்கும் பில் தொகையில் 1.5 விழுக்காடும், அதற்கும் கீழே ஒவ்வொரு 0.01க்கும் 3 விழுக்காடும் கூடுதல் கட்டணம்.

டர்பைனோடு சேர்த்துப் பொருத்தும் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் என்பது அடிப்படையில் மோட்டார்தான். டர்பைன் அதை வேகமாகச் சுற்றும்போது மின்சாரம் தரும், ஆனால் தன் காந்தப்புலத்துக்கான ரியாக்டிவ் பவரைத் தெனாகா கம்பியிலிருந்துதான் இழுக்கும்.

ஒரு கணக்கு பார்ப்போம். மில்லின் தேவை 200 கிலோவாட், ரியாக்டிவ் 100 கிலோவார். பவர் ஃபேக்டர் 0.89, அபராதம் இல்லை. பில் 48,000 ரிங்கிட் என்று வையுங்கள். இப்போது 75 கிலோவாட் ஜெனரேட்டர் ஓடுகிறது, அது 45 கிலோவார் இழுக்கிறது. மீட்டர் பார்ப்பது 125 கிலோவாட், 145 கிலோவார். பவர் ஃபேக்டர் 0.65க்கு விழுந்துவிடும். அபராதம் 15உம் 30உம் சேர்ந்து 45 விழுக்காடு! மின்சாரச் செலவு ஏறத்தாழ 30,000க்கு இறங்கினாலும், 13,500 அபராதம் சேர்ந்து 43,500 கட்ட வேண்டும். 18,000 மிச்சமாக வேண்டிய இடத்தில் 4,500தான் மிச்சம்.

உங்கள் பில்லிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். மாதத்தின் kVARh எண்ணை kWh எண்ணால் வகுங்கள். விடை 0.62ஐத் தாண்டினால் அபராதம் வரும்.

சரி, ரியாக்டிவ் பவரை மில்லிலேயே கொடுக்கும் கெப்பாசிட்டர் 85 கிலோவார் அளவுக்குப் போட்டால், தெனாகாவிடமிருந்து இழுப்பது 145இலிருந்து 60 கிலோவார் ஆகும். பவர் ஃபேக்டர் 0.90. ஆனால் எல்லாவற்றையும் ஜெனரேட்டர் முனையில் நிரந்தரமாகக் கட்டிவிடாதீர்கள், இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தெனாகா மின்சாரம் திடீரென்று போனால் சுமை இழந்த டர்பைன் வேகம் பிடிக்கும். அப்போது கெப்பாசிட்டரே காந்தப்புலத்துக்குத் தீனி போடும். ஜெனரேட்டர் தானாகவே மின்சாரம் உண்டாக்கும். வேகம் இரு மடங்கானால், இது நடக்க வழக்கமான வேகத்தில் தேவைப்படும் கெப்பாசிட்டரில் நான்கில் ஒரு பங்கே போதும். வோல்டேஜ் எகிறிக் கருவிகள் எரியும், கெப்பாசிட்டர்கள் உப்பிவிடும். தெனாகா போன பிறகும் ஜெனரேட்டர் முனையில் வோல்ட்மீட்டர் இறங்காமல் நின்றால் அதுதான் அறிகுறி.

அதனால் பெரும்பகுதியை மெயின் சுவிட்ச்போர்டில், தேவைக்கேற்பப் படிப்படியாகச் சேர்க்கும் தானியங்கி பேங்காக வையுங்கள். ஜெனரேட்டர் முனையில் வைப்பது அதன் வெற்றோட்டக் காந்தத் தேவைக்குக் குறைவாகவே இருக்கட்டும். அதுவும் ஜெனரேட்டர் பிரேக்கர் திறந்த அதே நொடி காண்டாக்டர் வழியாகக் கழன்றுவிட வேண்டும். மறுபடி சேர்க்கும் முன், கெப்பாசிட்டரில் தங்கிய மின்னூட்டம் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் வழியே வடிய நேரம் கொடுங்கள்.