வீட்டுக் கடன்: முதல் ஐந்து ஆண்டுத் தவணைப் பணம் எங்கே போகிறது?

வீட்டுக் கடன் வாங்கி ஐந்து ஆண்டுகள் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவர்கள், வங்கி தரும் நிலுவைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "பதினாறு லட்சம் கட்டியிருக்கேன் சார், அசலில் மூணரை லட்சம்கூடக் குறையலையே, கணக்கில் ஏதாவது தப்பு இருக்குமா?" தணிக்கையாளனாக நான் சரிபார்த்த இத்தகைய கணக்குகளில் பெரும்பாலானவற்றில் தவறு எதுவும் இருந்ததில்லை. அவர்களை அதிர வைத்த அந்தத் தொகை, கடன் கையெழுத்தான நாளிலேயே அவர்களிடம் தரப்பட்ட தவணை அட்டவணையில் அச்சாகியிருந்தது. அந்தத் தாளைப் படிக்கும் முறையை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசி வரை எடுத்துச் செல்வோம். கடன் 30 லட்சம் ரூபாய், வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், காலம் 20 ஆண்டுகள், அதாவது 240 தவணைகள். மாதத் தவணை 26,992 ரூபாய். பைசாவை முழு ரூபாயாக்கிப் பார்த்தால் அட்டவணையின் சில வரிகள் இப்படி இருக்கும்.

| மாதம் | தொடக்க நிலுவை | வட்டி | அசல் | இறுதி நிலுவை |
|---|---|---|---|---|
| 1 | 30,00,000 | 22,500 | 4,492 | 29,95,508 |
| 2 | 29,95,508 | 22,466 | 4,525 | 29,90,983 |
| 3 | 29,90,983 | 22,432 | 4,559 | 29,86,423 |
| 60 | 26,68,192 | 20,011 | 6,980 | 26,61,211 |

இதை மேலிருந்து கீழாகப் படிப்பதற்கு முன் இடமிருந்து வலமாக ஒரு வரியைப் படிக்க வேண்டும். ஆண்டு வட்டி 9 சதவீதம் என்றால் மாதத்துக்கு 0.75 சதவீதம். முதல் வரியில் 30 லட்சத்துக்கு 0.75 சதவீதம் 22,500 ரூபாய். அது அந்த மாதத்தின் வட்டி. கட்டிய 26,992 ரூபாயில் அதைக் கழித்தால் மிஞ்சுவது 4,492 ரூபாய். அதுமட்டுமே கடனிலிருந்து குறைகிறது. அடுத்த வரியில் வட்டி 34 ரூபாய் குறைவதற்குக் காரணம், முந்தைய மாதம் அசலில் 4,492 ரூபாய் குறைந்தது, அதற்கு 0.75 சதவீதம் 34 ரூபாய் என்பதுதான். தவணைத் தொகை மாறாததால், வட்டியில் குறைந்த அந்த 34 ரூபாய் அசலுக்குப் போய்ச் சேருகிறது. 240 வரிகளிலும் நடப்பது இந்த ஒரே கணக்குத்தான்.

"வங்கி முதலில் தன் வட்டியை எல்லாம் எடுத்துக்கொண்டு, பிறகுதான் அசலைத் தொடுகிறது" என்று பலர் நம்புவது இதனால் சரியல்ல என்று புரியும். இருபது ஆண்டு வட்டியை முன்கூட்டியே யாரும் பிடிப்பதில்லை. ஒவ்வொரு மாதமும், அந்த மாதம் நாம் உண்மையில் வைத்திருக்கும் கடனுக்கான வட்டி மட்டுமே பிடிக்கப்படுகிறது. தொடக்கத்தில் கடன் பெரிதாக இருப்பதால் வட்டியும் பெரிதாக இருக்கிறது.

இப்போது மேலிருந்து கீழாக வருவோம். முதல் ஆண்டில் கட்டுவது ஏறக்குறைய 3,23,900 ரூபாய். அதில் வட்டி 2,67,700, அசல் 56,200. ஐந்து ஆண்டுகள் முடியும்போது கட்டிய மொத்தம் 16.2 லட்சம், அதில் அசலுக்குப் போனது 3.39 லட்சம் மட்டுமே. ஒரே தவணையில் அசல் பங்கு வட்டிப் பங்கை முதன்முறையாகத் தாண்டுவது 149ஆவது மாதத்தில், அதாவது பன்னிரண்டு ஆண்டுகள் கடந்த பின். கடனில் பாதி தீர்வதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. பத்தாம் ஆண்டில் வீட்டை விற்றுக் கடனை அடைக்கத் திட்டமிடுபவர், பாதிக் கடன் முடிந்திருக்கும் என்று மனக்கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு பெரிதும் தவறிப்போகும்.

149ஆவது மாதத்தில் இன்னும் 92 தவணைகள் மீதி இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். 9 சதவீத வட்டியில், கடன் தொகை எதுவானாலும், மொத்தக் காலம் எவ்வளவானாலும், இந்தத் திருப்பம் கடைசி 92 தவணைகளில்தான் தொடங்கும். முப்பது ஆண்டுக் கடனில் அது 269ஆவது மாதத்தில் வரும். ஏழு ஆண்டுக் கடனில் முதல் தவணையிலேயே அசல் வட்டியைவிடக் கூடுதலாக இருக்கும். ஆகவே தொடக்கத் தவணைகளை வட்டி விழுங்குவதற்கு வட்டி வீதத்தோடு நாம் தேர்ந்தெடுக்கும் காலமும் சரிபாதிக் காரணம்.

காலத்தின் வேலையைக் காண, அதே 30 லட்சத்துக்கு வெவ்வேறு காலங்களின் முதல் வரியை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். முதல் மாத வட்டி எல்லாவற்றிலும் அதே 22,500 ரூபாய்தான். பதினைந்து ஆண்டுகள் என்றால் தவணை 30,428. முதல் மாதம் அசலுக்கு 7,928 போகிறது. இருபது ஆண்டுகளில் அது 4,492. இருபத்தைந்து ஆண்டுகளில் தவணை 25,176, அசலுக்கு 2,676 மட்டுமே. கடன் விண்ணப்பம் போடும் மேசையில், "இன்னும் அஞ்சு வருஷம் கூட்டிக்கிட்டா தவணை குறையும்" என்று சொல்லப்படும்போது, தவணை 1,816 ரூபாய் குறைவது மட்டுமே கண்ணில் படுகிறது. அந்த 1,816 ரூபாயும் முழுக்க அசல் பங்கிலிருந்தே வெட்டப்படுகிறது, வட்டியிலிருந்து ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்பதை முதல் வரியைப் பார்த்தவர்தான் அறிவார். மொத்த வட்டியோ 34.8 லட்சத்திலிருந்து 45.5 லட்சமாக உயர்கிறது.

கையெழுத்திடும் முன்பே இதைப் பார்க்க எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும். கீழே உள்ள மூன்று வரிகளும் முறையே தவணை, முதல் மாத வட்டி, முதல் மாத அசல் ஆகியவற்றைத் தரும். நடுவில் உள்ள 1 என்பது மாதத்தின் எண். அதை 60 என்று மாற்றினால் அறுபதாவது மாதம் வரும்.

```
=PMT(9%/12,240,-3000000)
=IPMT(9%/12,1,240,-3000000)
=PPMT(9%/12,1,240,-3000000)
```

உங்கள் வங்கியின் கணக்கு இதிலிருந்து சில நூறு ரூபாய் விலகியிருந்தால் பதற வேண்டாம். நாள் கணக்கில் வட்டி போடும் வங்கிகளில் 31 நாள் மாதத்துக்கும் பிப்ரவரிக்கும் வட்டி வேறுபடும். கடன் தொகை பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டிருந்தால் முதல் சில வரிகள் அட்டவணையோடு பொருந்தாது. கட்டுமானக் காலத்தில் கட்டும் தொகை வெறும் வட்டியாகவே இருந்தால், அதில் அசல் குறையவே குறையாது.

அட்டவணையைப் படிக்கத் தெரிந்தவருக்கு உடனடியாகப் பயன்படும் இடம், கையில் கொஞ்சம் பணம் சேரும்போது வருகிறது. முதல் ஆண்டு முடிவில் ஒரு லட்சம் ரூபாயைக் கூடுதலாக அசலில் கட்டி, தவணையை மாற்றாமல் வைத்தால், மீதியுள்ள 228 தவணைகள் 209 ஆகின்றன. பத்தொன்பது தவணைகள் மறைவதால் மிச்சமாகும் வட்டி ஏறக்குறைய 4.13 லட்சம். அதே ஒரு லட்சத்தைப் பதினான்காம் ஆண்டு முடிவில் கட்டினால் மிச்சம் ஏறக்குறைய 68,000 ரூபாய்தான். இதில் மாயம் எதுவுமில்லை. ஒரு லட்சம் ரூபாய் பத்தொன்பது ஆண்டுகள் 9 சதவீதத்தில் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எனவே கிரெடிட் கார்டிலோ தனிநபர் கடனிலோ இதைவிடக் கூடிய வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் முதலில் அதை அடைப்பதே முறை. மருத்துவச் செலவுக்கோ வேலை இழப்புக்கோ வைத்திருக்கும் சேமிப்பைத் துடைத்தெடுத்து வீட்டுக் கடனில் போடுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. கட்டிய அசலை அவசரத்துக்குத் திரும்பப் பெறுவது எல்லாக் கடன்களிலும் முடியாது.

ஆனால் கூடுதலாகக் கட்டியபின் வங்கி எதைக் குறைத்தது என்று பார்க்காமல் விடுவதுதான் நான் அடிக்கடி காணும் இழப்பு. மேற்சொன்ன ஒரு லட்சத்துக்குப் பின் காலத்தை அப்படியே வைத்துத் தவணையை மட்டும் குறைத்தால், தவணை 917 ரூபாய் இறங்கும். கடைசி வரை மிச்சமாகும் வட்டி 1.09 லட்சம் மட்டுமே. மாத வருமானத்தில் இறுக்கம் உள்ளவருக்கு அதுவும் சரியான தேர்வாக இருக்கலாம். ஆனால் அதை அவர் தெரிந்து தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். காலத்தைக் குறைக்குமாறு எழுத்தில் கேட்பதே நல்லது. தனிநபர்களுக்கான மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் விதிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே உத்தரவிட்டிருக்கிறது.

பணம் உண்மையில் அசலில் சேர்ந்ததா என்பதையும் ஒரே வரியில் கண்டுபிடிக்கலாம். 9 சதவீதத்தில் ஒரு லட்சம் குறைந்தால் அடுத்த மாத வட்டி, வழக்கமாகக் குறைவதற்கு மேல், 750 ரூபாய் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால், உங்கள் பணம் வருங்காலத் தவணைகளுக்கான முன்பணமாக வரவு வைக்கப்பட்டிருக்கக்கூடும். ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் நான்கு மாதங்கள் இப்படியே கிடந்ததைக் கண்டோம்; வட்டி வரிசையில் ஓர் எண்கூடப் பெரிதாக இறங்காததுதான் தடயம். கடிதம் கொடுத்தபின் திருத்தினார்கள்.

இறுதியாக, மாறும் வட்டிக் கடனில் நீங்கள் பத்திரமாக வைத்திருக்கும் அட்டவணை, வட்டி மாறும் நாள் வரைதான் செல்லுபடியாகும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தபோது, பலருடைய தவணை மாறவில்லை. காலம் மட்டும் நீண்டது. நம் எடுத்துக்காட்டில் முதல் ஆண்டு முடிவில் நிலுவை 29.44 லட்சம். அப்போது வட்டி 10.5 சதவீதமானால் அடுத்த மாத வட்டியே 25,758 ரூபாய்; அதே தவணையில் அசலுக்கு 1,234 ரூபாய்தான் மிஞ்சும்; மீதி 228 தவணைகள் 355 ஆகிவிடும். வட்டி 11 சதவீதத்தைத் தொட்டால் அசலுக்குப் போவது ஏழு ரூபாய். அதற்கு மேல் போனால் தவணை வட்டிக்கே போதாமல் கடன் வளரத் தொடங்கும்.

காலத்தை நீட்டும்போது கடன் இப்படி வளர்ந்துவிடக் கூடாது என்றும், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்று கடனாளிக்குத் தேர்வு தர வேண்டும் என்றும் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அதுவரை வசூலான அசல், வட்டி, மீதித் தவணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காலாண்டுதோறும் தெரியப்படுத்த வேண்டும் என்பதும் அதில் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, முக்கிய விவர அறிக்கையுடன் தவணை அட்டவணையும் கட்டாயம். வட்டி மாறியதாகக் குறுஞ்செய்தி வந்தால், கிளைக்கோ இணையக் கணக்குக்கோ போய்ப் புதிய அட்டவணையை எடுத்து, அதன் முதல் வரியில் அசல் எவ்வளவு என்பதையும், கடைசி வரியில் எந்த ஆண்டு என்பதையும் பழையதோடு ஒப்பிடுங்கள். கடைசி வரியின் ஆண்டு உங்கள் ஓய்வு பெறும் ஆண்டைத் தாண்டியிருந்தால், தவணையை இப்போதே கூட்டித் தரும்படி அன்றே எழுதிக் கொடுக்கலாம்.