இரண்டு திருத்தம் கேட்டார்கள், மூன்று இடம் ஒளிர்ந்தது

குழந்தைகளுக்கான இருமல் மருந்தின் லேபிள் ஒன்று திருத்தத்துக்கு வந்தது. சேமிப்பு வெப்பநிலை 30 என்றிருந்ததை 25 ஆக்க வேண்டும். ஒரு வரியின் கடைசியில் இருந்த ‘உணவுக்கு முன்’ என்பதை ‘உணவுக்குப் பின்’ என்று மாற்ற வேண்டும். வேறெதையும் தொடக் கூடாது. மாற்றிவிட்டு, மாற்றிய இரண்டு இடங்களையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். சரியாக இருந்தன.

அப்புறம் வழக்கம்போல, பழைய பக்கத்தையும் புதியதையும் ஒரே அமைப்பில் 300 பிபிஐ பிஎன்ஜி கோப்புகளாக எடுத்து, போட்டோஷாப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். மேல் லேயரின் பிளெண்ட் மோடை Difference ஆக்கினேன். இது ஒவ்வொரு பிக்சலிலும் மேலிருப்பதையும் கீழிருப்பதையும் கழித்துக் காட்டும். இரண்டும் ஒன்றேயானால் கழித்தால் பூஜ்ஜியம், அதாவது கருப்பு. மாறிய இடம் மட்டும் ஒளிரும்.

எதிர்பார்த்த இரண்டு இடங்களும் ஒளிர்ந்தன. கூடவே மருந்தளவு வரியின் பின்பாதியும், நிழல் விழுந்தாற்போல இரட்டை எழுத்துகளாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். 2.5 மி.லி. என்பது 25 மி.லி. ஆகியிருந்தது. கர்சர் அங்கே நின்றபோது ஏதோ விசை பட்டுப் புள்ளி அழிந்து, பின்னால் இருந்தவை இடப்பக்கம் நகர்ந்திருக்கின்றன. நான் மாற்றாத வரி என்பதால் அதை வாசிக்கவே இல்லை. அச்சுக்குப் போயிருந்தால் குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து.

அன்றிலிருந்து ஒளிரும் இடங்களை எண்ணி, திருத்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறேன். கூடினாலும் தவறு, குறைந்தாலும் தவறு. திரை முழுக்கக் கருப்பாக இருந்தால் நிம்மதி அடைய வேண்டாம். ஒரே கோப்பை இருமுறை வைத்திருப்பீர்கள், அல்லது திருத்தம் சேமிக்கப்படவே இல்லை.

பக்கம் முழுவதும் எழுத்துகளின் ஓரம் மின்னினால், ஒரு லேயர் ஒன்றிரண்டு பிக்சல் தள்ளி நிற்கிறது. அம்பு விசையால் நகர்த்திப் பொருத்துங்கள். ஜேபெக் கோப்பானால் எழுத்துகளைச் சுற்றி மங்கலான புள்ளிகள் தூவினாற்போல இருக்கும். அவற்றுக்குள் உண்மையான மாற்றம் ஒளிந்துகொள்ளும் என்பதால்தான் பிஎன்ஜி. வெளிர்சாம்பல் எழுத்தைப் போன்ற மெல்லிய மாற்றங்கள் கண்ணுக்குப் படாது. மேலே Threshold லேயர் ஒன்றைப் போட்டு, அளவை 10 அருகே இறக்கினால் அவையும் வெள்ளையாகிவிடும். 100 சதவீத அளவில் பகுதி பகுதியாகப் பாருங்கள். சுருக்கிப் பார்த்தால் ஒற்றைப் புள்ளி கரைந்துபோகும்.

புதிய சொல் நீளமாகி, வரிகள் அடுத்த வரிக்கு மடங்கினால், அந்தப் பத்தி முழுதும் ஒளிரும். அங்கே இந்த முறையால் எதையும் சொல்ல முடியாது. கீழே தள்ளப்பட்ட பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பழைய இடத்துக்கு நகர்த்திக் கருப்பாக்கிப் பார்க்கலாம். மடங்கிய பத்தியைப் பழையதோடு பக்கத்தில் வைத்து, சொல் சொல்லாக வாசித்துத்தான் சரிபார்க்க வேண்டும்.