இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் ஏன்?

சென்ற மாதம் ஒரு தம்பதியர் தங்கள் இரட்டை மகன்களை என்னிடம் அழைத்து வந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். இருவருக்கும் 22 வயது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்தவர்கள். அவர்களில் ஒருவர், தமக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்று வீட்டில் சொல்லியிருந்தார். தந்தை மற்ற மகனைச் சுட்டிக்காட்டி, "ரெண்டு பேருக்கும் ஒரே ஜீன்தானே டாக்டர்? இவன் நல்லாத்தானே இருக்கான்? அப்போ அவனுக்கு இது ஹாஸ்டல் சகவாசத்துல வந்ததுதானே?" என்று கேட்டார். எங்கோ பார்த்த ஒரு காணொளியில் இரட்டையர் ஆய்வுகளே இதை நிரூபித்துவிட்டதாகச் சொன்னார்களாம். இந்த ஆண்டில் இதே கேள்வியோடு வந்த நான்காவது குடும்பம் இது.

அந்த ஆய்வுகள் சொல்வது வேறு. 1991-இல் அமெரிக்காவில் பெய்லியும் பில்லார்டும் தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் உடன்பிறப்புகளை ஆராய்ந்தபோது, ஒருகரு இரட்டையரில் 52 சதவீதத்தினரும், இருகரு இரட்டையரில் 22 சதவீதத்தினரும், தத்தெடுக்கப்பட்ட சகோதரர்களில் 11 சதவீதத்தினரும் அதே ஈர்ப்புடையவர்களாக இருந்தனர். ஆனால், தன்பாலீர்ப்பாளர்களுக்கான இதழ்களில் விளம்பரம் செய்தே பங்கேற்பாளர்களைச் சேர்த்திருந்தார்கள். இரட்டையர் இருவருமே தன்பாலீர்ப்பாளராக இருந்தால் அத்தகைய விளம்பரத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், எண் உயர்ந்துவிட்டது. பெய்லி குழுவினரே 2000-இல் ஆஸ்திரேலிய இரட்டையர் பதிவேட்டைப் பயன்படுத்தியபோது, ஒருகரு ஆண் இரட்டையருக்கான அந்த விகிதம் ஏறத்தாழ 20 சதவீதமாகக் குறைந்தது. பொதுமக்களிடையே காணப்படும் விகிதத்தைவிட இது பல மடங்கு அதிகம் என்றாலும், நூற்றுக்கு நூறு என்பதற்கு வெகுதூரத்தில் நிற்கிறது. ஆகவே மரபணுவுக்குப் பங்கு உண்டு. அது மட்டுமே காரணம் இல்லை.

என் பொறுமையைச் சோதிப்பது இதற்கு அடுத்த தாவல்தான்: "மரபணு மட்டும் காரணம் இல்லையென்றால் வளர்ப்புதான் காரணம்." லாங்ஸ்ட்ரோமும் சகாக்களும் 2010-இல் வெளியிட்ட சுவீடன் ஆய்வில் 7,652 இரட்டையர்கள் பங்கேற்றார்கள். ஆண்களில் வேறுபாட்டின் 34 முதல் 39 சதவீதம் வரை மரபணுவாலும், மீதி 'தனிப்பட்ட சூழலாலும்' விளைந்ததாக அவர்கள் மதிப்பிட்டார்கள். இந்த எண்களின் பிழைவரம்பு மிக அகலமானது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பெற்றோர், வீடு, கண்டிப்பு, செல்லம் என இருவருக்கும் பொதுவாக அமையும் சூழலின் பங்கு ஆண்களில் சுழியமாகவே வந்தது. பெண்களில் அது 16 சதவீதம் அளவில் இருந்தது.

'தனிப்பட்ட சூழல்' என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மவர்களுக்கு ஹாஸ்டலும் நண்பர்களும் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். புள்ளியியலில் அது ஒரு மிச்சக் கணக்கு. இரட்டையரை ஒருவரிடமிருந்து ஒருவர் வேறுபடுத்தும் எல்லாமும், கேள்வித்தாளை நிரப்பியதில் நேர்ந்த பிழைகள் உட்பட, அந்த ஒரே பெட்டிக்குள் விழுகின்றன. ஒரே நச்சுக்கொடியைப் பகிர்ந்த இரு கருக்களில் ஒன்றுக்கு இரத்தம் குறைவாகப் போவதும், மூளை வளர்ச்சியில் தற்செயலாக நேரும் மாற்றங்களும் அதில் அடக்கம். எந்தக் காரணி எவ்வளவு என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. இந்த மகன்களின் பிறப்பு எடையைக் கேட்டேன், ஒருவர் 2.4 கிலோ, மற்றவர் 1.7 கிலோ என்றார் தாய். பாலீர்ப்புக்கு அந்த எடைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பிறக்கும் முன்பே இருவரின் சூழலும் ஒன்றாக இல்லை என்பதை அவர்களுக்குக் காட்டவே கேட்டேன். என் பதிவேட்டில் ஒருவர் இடக்கையாலும் மற்றவர் வலக்கையாலும் கையெழுத்திட்டிருந்தார்கள். இடக்கைப் பழக்கத்தை எந்த நண்பன் கற்றுக்கொடுத்தான் என்று அந்தத் தந்தை ஒருநாளும் விசாரித்ததில்லை. தமக்கு 13 வயதிலேயே இது புரிந்துவிட்டது என்றார் மகன். ஹாஸ்டலுக்குப் போனது 18 வயதில்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. "34 சதவீதம் மரபணு என்றால் பரிசோதித்துக் கண்டுபிடித்துவிடலாமே" என்கிறார்கள். அந்த எண் மக்கள்தொகையில் காணும் வேறுபாட்டைப் பற்றியது. ஒரு தனிமனிதரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 2019-இல் ஏறத்தாழ 4,77,000 பேரின் மரபணுத் தரவுகளை அலசிய ஆய்வும், ஒருவரின் பாலீர்ப்பை மரபணுவை வைத்து முன்கூட்டிக் கணிக்க முடியாது என்றே முடித்தது. பரிசோதனை என்று பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

"மாற்றிவிடுகிறேன்" என்பவரிடமும் போகாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் மாதம் அத்தகைய முயற்சிகளைத் தடைசெய்ய உத்தரவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என அறிவித்தது. மருத்துவர் எவரேனும் மின்னதிர்ச்சி, ஹார்மோன் ஊசி என்று தொடங்கினால் மாநில மருத்துவக் கவுன்சிலில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள்: இரட்டையரில் மற்றவரைச் சாட்சிப் பொருளாக அழைத்து வராதீர்கள். அன்று முழுவதும் அந்தச் சகோதரர் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது மட்டும் என்னிடம், "எனக்கு முன்னாடியே தெரியும் சார், நான்தான் வீட்டுல சொல்ல வேண்டாம்னு தடுத்து வச்சிருந்தேன்" என்றார்.