ஒரு பார் இறங்கினால் எத்தனை லிட்டர்?

"புதிதாகப் பதித்த குடிநீர்க் குழாயில் மாலையில் 9 பார் அழுத்தம் ஏற்றி விட்டோம். காலையில் பார்த்தால் ஏழரைதான் இருக்கிறது. எந்த ஜாயிண்டிலும் ஒரு சொட்டுக்கூட இல்லை. இது தோல்வியா, தேர்ச்சியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேஜின் முள் தரும் தகவலை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. முள் அழுத்தத்தைக் காட்டும். நமக்குத் தெரிய வேண்டியதோ எவ்வளவு தண்ணீர் வெளியே போனது என்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்துவிட்டால், குழாயில் தண்ணீரை அழுத்தத்தில் ஏற்றிக் கசிவு பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டின் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். டக்டைல் இரும்பு, உள்விட்டம் 300 மி.மீ., சுவர்த் தடிமன் 7.2 மி.மீ., நீளம் 1 கி.மீ., ஏறக்குறைய சமதளம். வேலை செய்யும் அழுத்தம் 6 பார், சோதனை அழுத்தம் அதைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 9 பார். இது நிரம்ப சுமார் 70,700 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

சோதனைக்குக் காற்றை விட்டு ஏன் தண்ணீரை எடுக்கிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 9 பாரில் இந்தக் குழாயிலுள்ள தண்ணீரிலும் சுவரிலும் சேமித்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 20 கிலோஜூல். இதே குழாயை அதே அழுத்தத்தில் காற்றால் நிரப்பினால் அது பல ஆயிரம் மடங்காகிவிடும். ஒரு ஜாயிண்ட் விலகினால் தண்ணீர் பீய்ச்சி அடித்து அடங்கிவிடும், காற்று குழாயையே தூக்கி எறியும். தண்ணீர் என்றாலும் அலட்சியம் கூடாது. 9 பாரில் முனை மூடியைத் தள்ளும் விசை ஆறு டன்னுக்கு மேல். அதனால் வளைவுகளிலும் முனைகளிலும் உள்ள கான்கிரீட் தாங்கு கட்டைகள் இறுகிய பிறகுதான் பம்ப்பை இணைக்க வேண்டும். முனை மூடிக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது.

இனி கணக்கு. தண்ணீர் அழுத்தத்துக்கு அசையாது என்று பள்ளியில் படித்திருப்போம். கொஞ்சம் அசையும். குழாயின் சுவரும் மயிரிழை அளவு விரியும். இரண்டையும் சேர்த்தால் இப்படி வரும்:

```
ΔV = V × Δp × (1/Ew + D/(e × E))
```

இதில் `V` குழாயின் கொள்ளளவு, `Δp` அழுத்த மாற்றம், `D` உள்விட்டம், `e` சுவர்த் தடிமன். `Ew` என்பது தண்ணீரின் கன மீள்தன்மைக் குணகம், சுமார் 2.1 கிகாபாஸ்கல். `E` என்பது டக்டைல் இரும்பின் மீள்தன்மைக் குணகம், சுமார் 170 கிகாபாஸ்கல். நம் குழாயின் எண்களைப் போட்டால் ஒரு பாருக்கு 5.1 லிட்டர். 70,700 லிட்டர் நிரம்பிய குழாயில் அழுத்தத்தை ஒரு பார் உயர்த்த ஒரு சின்ன வாளித் தண்ணீர்கூட வேண்டாம்! 0-இலிருந்து 9 பாருக்குப் போக மொத்தம் 46 லிட்டர் போதும். எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த எண் இந்த 5.1தான். மற்ற எல்லாவற்றையும் இதை வைத்தே அளக்கலாம்.

குழாயில் காற்று தங்கியிருந்தால் என்ன ஆகும்? இதற்காகத்தான் மிகத் தாழ்வான முனையிலிருந்து, மெதுவாக, உயரமான இடங்களில் ஏர் வால்வுகளைத் திறந்து வைத்து நிரப்புகிறோம். விநாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் நிரப்பினால் நம் குழாய்க்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் தண்ணீர் காற்றை முந்திக்கொண்டு ஓடி, மேடுகளில் காற்றைச் சிறைபிடித்துவிடும். அப்படி வளிமண்டல அழுத்தத்தில் 200 லிட்டர் காற்று உள்ளே மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் கொள்ளளவில் இது 0.3 சதவீதம்கூட இல்லை.

அழுத்தத்தை ஒரேயடியாக ஏற்றாமல் படிப்படியாக ஏற்றுவதன் பயன் இங்கே தெரியும். 3 பார், 6 பார், 9 பார் என்று மூன்று படி. ஒவ்வொன்றிலும் பத்து பதினைந்து நிமிடம் நிறுத்தி, ஜாயிண்டுகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும். குறைந்த அழுத்தத்திலேயே தெரிகிற கசிவை 9 பார் வரை கொண்டுபோய்க் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கூடவே ஒவ்வொரு படிக்கும் பம்ப் எத்தனை லிட்டர் தள்ளியது என்று ஓர் அளவுத் தொட்டியில் பார்த்து எழுதுங்கள். காற்று இல்லாத குழாய் மூன்று படியிலும் ஏறக்குறைய 15 லிட்டர் கேட்கும். 200 லிட்டர் காற்று உள்ள குழாயோ முதல் படிக்கு 165, இரண்டாவதற்கு 37, மூன்றாவதற்கு 24 என்று கேட்கும். பாயில் விதிதான். வளிமண்டலத்தையும் சேர்த்து 1 பாரிலிருந்து 4 பாருக்குப் போகும்போதே அந்தக் காற்று 200 லிட்டரிலிருந்து 50 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. அந்த 150 லிட்டர் இடத்தைத் தண்ணீர் போய் நிரப்ப வேண்டும். கேஸ்கெட்டுகள் சரியாக உட்காருவதால் நல்ல குழாயிலும் முதல் படி கொஞ்சம் கூடலாம். ஆனால் பத்து மடங்கு கூடாது.

காற்று இருந்தால் அழுத்தம் வேகமாக இறங்கி, நல்ல குழாயையும் தோல்வி என்று காட்டிவிடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். காற்று மெல்லத் தண்ணீரில் கரைவதால் அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் இதைவிட மோசமான விளைவு நேர் எதிரானது. காற்று கசிவை மறைத்துவிடும். மணிக்கு ஒரு லிட்டர் கசிகிறது என்றால், காற்றில்லாத குழாயில் ஒரு மணி நேரத்தில் 0.2 பார் இறங்கும். உள்ளே 2,000 லிட்டர் காற்று இருந்தால், அது 9 பாரில் 200 லிட்டர் ஸ்பிரிங்காகச் சுருங்கி உட்கார்ந்திருக்கும். அப்போது ஒரு பார் இறங்க 27 லிட்டர் வெளியேற வேண்டும். அதே கசிவுக்கு முள் 0.04 பார்தான் நகரும், சாதாரண கேஜில் அது கண்ணுக்கே தெரியாது. "முள் அசையவே இல்லை சார்" என்று பெருமையாகச் சொல்லும்போது எனக்கு முதலில் தோன்றுவது சந்தேகம்தான். ஒன்று உள்ளே நிறையக் காற்று, இல்லையென்றால் கேஜுக்கு முன்னால் உள்ள வால்வை மூடி வைத்திருக்கிறார்கள்.

ஐரோப்பியத் தரமான ஈ.என். 805 இதற்கு ஓர் அழகான வழி வைத்திருக்கிறது. சோதனை அழுத்தத்துக்கு வந்ததும் வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீரை வெளியே விட வேண்டும். நம் குழாயில் 9 பாரிலிருந்து 8 பாருக்கு இறக்கி, வெளியே வந்ததை அளக்கிறோம் என்று வையுங்கள். காற்றே இல்லையென்றால் 5.1 லிட்டர் வர வேண்டும். மீதமிருக்கும் சிறிதளவு காற்றுக்காக 1.2 மடங்கு வரை, அதாவது 6.1 லிட்டர் வரை ஏற்கலாம். 200 லிட்டர் காற்று இருந்தால் 7.3 லிட்டர் வரும், அப்போது சோதனையைத் தொடர்வதில் பொருளில்லை. அழுத்தத்தை இறக்கி, காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஒரு அளவுக் குடுவையும் ஐந்து நிமிடமும் போதும். இதற்குக்கூட மனமில்லாமல், அன்றைய கேஜ் படத்தை மட்டும் ஒட்டிய சோதனை அறிக்கைகள்தான் என் கண்ணில் அதிகம் பட்டிருக்கின்றன. லட்சங்களில் குழாய் வாங்குகிற திட்டத்தில், அழுத்தத்தைத் தானே பதிந்துவைக்கும் ஒரு நல்ல டேட்டா லாகருக்கு இடமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காற்று இல்லை என்று உறுதியான பிறகுதான் முக்கியச் சோதனை. மறுபடி 9 பாருக்கு ஏற்றி, பம்ப்பை நிறுத்தி ஒரு மணி நேரம் விட வேண்டும். இரும்புக் குழாயில் இறக்கம் 0.2 பாருக்குள் இருந்தால் தேர்ச்சி. இன்னொரு முறையில் லிட்டரை நேராக அளக்கலாம், அதன் எல்லையும் இதே கணக்கில்தான் வருகிறது. 0.2 பாருக்கு உரிய 1.02 லிட்டரை 1.2-ஆல் பெருக்கினால் 1.2 லிட்டர்.

அமெரிக்கத் தரமான ஏ.டபிள்யூ.டபிள்யூ.ஏ. சி600 வேறு பாதையில் போகிறது. குறைந்தது இரண்டு மணி நேரம் அழுத்தத்தைத் தக்கவைத்து, அதற்காகச் சேர்த்த தண்ணீரை அளக்கிறது. மெட்ரிக் அலகில் அதன் சூத்திரம் இது:

```
L = S × D × √P / 794797
```

`S` மீட்டரில் நீளம், `D` மி.மீ.-இல் விட்டம், `P` கிலோபாஸ்கலில் அழுத்தம், `L` மணிக்கு லிட்டர். நம் குழாய்க்கு மணிக்கு 11.3 லிட்டர். ஐரோப்பியக் கணக்கில் ஒன்பது முறை தோற்றுப்போகும் அளவு இது! எது சரி என்று கேட்டால், இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் என்பேன். ஒன்று அளவு எடுப்பதிலுள்ள பிழையையும் மீந்த காற்றையும் மட்டும் மன்னிக்கிறது. மற்றது ஜாயிண்டுகளின் சிறு நகர்வையும் காற்றையும் தாராளமாக மன்னிக்கிறது. அதிலும்கூட கண்ணுக்குத் தெரியும் கசிவைக் கட்டாயம் சரிசெய்தே ஆக வேண்டும், லிட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும். ஒப்பந்தத்தில் எந்தத் தரம் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளாமல் முடிவில் சண்டை போடுவதில் பயனில்லை.

சரி, வாசகரின் ஒன்றரை பாருக்கு வருவோம். அவருடைய குழாயும் நம்முடையது போன்றது என்றால், 1.5 பார் என்பது 7.6 லிட்டர். ஓர் இரவு முழுக்கக் கசிந்தால் எளிதில் வரக்கூடிய அளவு. ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. 25 டிகிரி வாக்கில் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால், குழாயின் சுருக்கத்தைக் கழித்த பிறகும் 16 லிட்டர் அளவுக்குச் சுருங்கும். அது 3 பாருக்குச் சமம். அப்படியானால் அரை டிகிரிக் குளிர்ச்சியே அவருடைய முழு இறக்கத்தையும் விளக்கிவிடும், ஒரு சொட்டும் வெளியே போகாமலேயே. சோதனை நேரத்தை இரவு முழுக்க நீட்டுவது கண்டிப்பு போலத் தெரிந்தாலும், வெயில் படும்படி குழாய் திறந்து கிடந்தால் அது வெறும் வெப்பமானி ஆகிவிடுகிறது. ஜாயிண்டுகளை மட்டும் விட்டு மற்றதை மண்ணால் மூடிவிட்டுச் சோதிக்கச் சொல்வதற்கு, குழாய் நகராமல் இருப்பதோடு இதுவும் ஒரு காரணம்.

எனவே அவர் செய்ய வேண்டியது இது. முதலில் 9 பாருக்கு மீண்டும் ஏற்ற எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து, ஏழரை லிட்டருக்கு மேல் வெகுதூரம் போனால் காற்று என்று கொள்ளலாம். அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தையும், குழாய்ச் சுவரின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இறக்கத்தின் வடிவம் காரணத்தைக் காட்டும். உள்பூச்சின் சிமெண்ட் தண்ணீரை உறிஞ்சுவதாக இருந்தால் வேகம் நேரம் போகப்போகக் குறையும். ஒரு நாள் ஊறவைத்த பிறகு சோதிக்கச் சொல்வது இதனால்தான். வெப்பம் என்றால் மாலையில் இறங்கி வெயில் ஏற ஏற உயரும். கசிவு மட்டும் விடாமல், ஏறத்தாழ ஒரே வேகத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படி இருந்தால் இடையிலுள்ள வால்வை மூடி, எந்தப் பாதி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

இவை எல்லாம் இரும்புக் குழாய்க்கு. பாலித்தீன் குழாய் அழுத்தத்தில் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகும், அதனால் கசிவே இல்லாமலும் அழுத்தம் இறங்கும். 0.2 பார் விதியை அதில் போட்டால் நல்ல குழாய்கள் எல்லாம் தோற்றுவிடும். அதற்கு ஈ.என். 805-இல் தனி முறை. முதலில் விரிய விட்டு, பிறகு சட்டென்று அழுத்தத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், குழாய் தானே சுருங்கி உள்ளிருக்கும் தண்ணீரை அழுத்தும். அடுத்த அரை மணி நேரத்தில் முள் மேலே ஏற வேண்டும், குறைந்தபட்சம் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.