பவர்பேங்கில் எத்தனை வாட்-மணி? விமானத்தில் ஏறுமுன் போட வேண்டிய கணக்கு

ஊருக்குப் போகும் தம்பி ஒருவர் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கத்தில் ஒரு காப்பிக் கடை மேசையில் தன் சாமான்களைப் பரப்பி வைத்தார். வீடு புதுப்பிக்கும் வேலையில் இருப்பவர். 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒன்று, அம்மாவுக்கு வாங்கிய 30,000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒன்று, ட்ரில் மெஷினின் பேட்டரிகள் இரண்டு. பேட்டரி இரண்டும் 18 வோல்ட், ஒன்றில் 5.0Ah, இன்னொன்றில் 9.0Ah என்று எழுதியிருந்தது. "அண்ணே, ட்ரில் பேட்டரி ரெண்டும் சின்னதுதான், பிரச்சினை இல்லை. அந்தப் பெரிய பவர்பேங்கை மட்டும் சாங்கியில் பிடிப்பாங்களா?" என்று கேட்டார்.

பெரும்பாலானவர்களுக்கு வரும் சந்தேகம்தான் இது. ஆனால் அவர் சின்னது என்று ஒதுக்கிய ஒன்றுதான் அந்த மேசையிலேயே பெரியது. ஏன் என்று புரிய வேண்டுமென்றால் முதலில் விதியைப் பார்க்க வேண்டும்.

விதி எம்ஏஎச்சைப் பார்ப்பதே இல்லை, வாட்-மணியைத்தான் பார்க்கிறது. லேபிளில் Wh என்று இருப்பது அதுதான். அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த இந்த வரம்பைத்தான் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானங்களும் பின்பற்றுகின்றன. பவர்பேங்கோ தனியாகக் கொண்டுபோகும் பேட்டரியோ 100 வாட்-மணி வரை இருந்தால் முன் அனுமதி வேண்டாம். 100-க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அப்போதும் இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணிகள் கையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது.

எந்த அளவாக இருந்தாலும் தனிப் பேட்டரியும் பவர்பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. அங்கே தீப்பிடித்தால் போய் அணைக்க ஆள் இல்லை. பயணிகள் அறையில் பிடித்தால் பணிப்பெண்கள் உடனே பார்த்து அணைக்க முடியும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் எவ்வளவு சூடு வெளியே வரும் என்பது அதற்குள் இருக்கும் மொத்த ஆற்றலைப் பொறுத்தது. அந்த ஆற்றலைச் சொல்லும் எண் வாட்-மணி. அதனால்தான் விதி அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது.

சரி, அப்படியானால் எம்ஏஎச் எதைச் சொல்கிறது? எவ்வளவு மின்னோட்டத்தை எவ்வளவு நேரம் தர முடியும் என்பதை மட்டும். 5,000 எம்ஏஎச், அதாவது 5.0Ah, என்றால் ஆயிரம் மில்லிஆம்பியரை ஐந்து மணி நேரம் தரலாம். அந்த மின்னோட்டம் எவ்வளவு வோல்ட்டில் வருகிறது என்பது அந்த எண்ணில் இல்லை. வீவக ப்ளாக்கின் மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று மட்டும் சொன்னால், அந்தத் தண்ணீர் கீழே விழும்போது எவ்வளவு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. எத்தனை மாடி உயரத்திலிருந்து விழுகிறது என்பதும் தெரிய வேண்டும். லிட்டர் என்பது எம்ஏஎச், உயரம் என்பது வோல்ட், இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்-மணி.

```
Wh = mAh × V ÷ 1000
Wh = Ah × V
```

ட்ரில் பேட்டரியைத் திறந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். (நீங்கள் திறக்க வேண்டாம், பழுது பார்க்கும் மேசையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.) 18 வோல்ட், 5.0Ah பேட்டரிக்குள் பொதுவாக விரல் பருமனில் பத்து செல் இருக்கும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், 2,500 எம்ஏஎச். ஐந்தைத் தொடராகக் கோத்தால் வோல்ட் கூடும், 18 ஆகிறது. அப்படி இரண்டு வரிசையைப் பக்கத்தில் சேர்த்தால் எம்ஏஎச் கூடும், 5,000 ஆகிறது. இதே பத்து செல்லையும் தொடராகக் கோக்காமல் எல்லாவற்றையும் பக்கவாட்டில் சேர்த்தால் என்ன ஆகும்? வோல்ட் 3.6 ஆகவே நிற்கும், எம்ஏஎச் 25,000 ஆகிவிடும். பவர்பேங்குகளில் பெரும்பாலும் இப்படித்தான் சேர்த்திருப்பார்கள். செல் அதே பத்து, எடை அதே எடை, ஆற்றலும் இரண்டிலும் 90 வாட்-மணிதான். லேபிளில் மட்டும் ஒன்று 5,000, இன்னொன்று 25,000.

இதற்குப் பிறகு தம்பியின் மேசையைக் கணக்கிடுவது சுலபம். பவர்பேங்க் செல்லுக்கு 3.7 வோல்ட் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் 74 வாட்-மணி, தாராளமாகப் போகலாம். 30,000 எம்ஏஎச் 111 வாட்-மணி. விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும். 5.0Ah ட்ரில் பேட்டரி 90, அதுவும் போகலாம். 9.0Ah ட்ரில் பேட்டரி 9 பெருக்கல் 18, அதாவது 162 வாட்-மணி. இரண்டே இரண்டு வாட்-மணி கூடுதல்தான், ஆனாலும் எந்த வழியிலும் கொண்டுபோக முடியாது. எம்ஏஎச்சை வைத்து வரிசைப்படுத்தினால் 30,000, 20,000, 9,000, 5,000. உண்மையான ஆற்றலை வைத்துப் பார்த்தால் 9,000 எம்ஏஎச் முதலிடம், 20,000 எம்ஏஎச் கடைசி.

கணக்கில் எல்லாரும் தடுக்குவது எந்த வோல்ட்டைப் போடுவது என்பதில்தான். பவர்பேங்கின் வெளியில் 5V, 9V, 20V என்றெல்லாம் எழுதியிருக்கும். அவை ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் வெளியே தரும் வோல்ட். 20,000 எம்ஏஎச் என்பதோ உள்ளே செல்லின் 3.7 வோல்ட்டுக்கு எழுதிய எண். அதை 5-ஆல் பெருக்கினால் 100 வரும், 20-ஆல் பெருக்கினால் 400 வரும், இரண்டும் தப்பு. ட்ரில் பேட்டரியிலும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு. சில நிறுவனங்கள் முழுதாகச் சார்ஜ் ஆனவுடன் இருக்கும் வோல்ட்டைப் பெரிதாக 20V என்று போடும். சராசரி வோல்ட் 18 என்று சின்ன எழுத்தில் இருக்கும். கணக்குக்கு அதுதான் செல்லும். லேபிளில் Wh என்றே அச்சிட்டிருந்தால் இந்த வேலையெல்லாம் வேண்டாம், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தை விட்டுவிடுவோம். கடையில் இரண்டு பவர்பேங்கை ஒப்பிட எம்ஏஎச் போதாதா? இரண்டுமே ஒரே வோல்ட் செல்லால் ஆனவை என்றால் போதும். பெரிய எண்ணே பெரிய பேட்டரி. ஃபோனுக்கு ஃபோன் ஒப்பிடும்போதும் பெரிய தவறு வராது. வகை மாறினால்தான் எம்ஏஎச் ஏமாற்றும். 11.1 வோல்ட் லேப்டாப் பேட்டரியில் 5,000 எம்ஏஎச் என்றால் 55.5 வாட்-மணி. ஃபோனில் அதே 5,000 எம்ஏஎச், 3.85 வோல்ட்டில், ஏறக்குறைய 19 வாட்-மணிதான். அதனால் நான் எதை வாங்கினாலும் வாட்-மணியைத்தான் முதலில் தேடுவேன்.

"20,000 என்று எழுதிவிட்டு உள்ளே 12,000-தான் இருக்கிறது" என்று கோபப்படுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கே பதில் சொல்லும். நல்ல பவர்பேங்கின் லேபிளில் சின்ன எழுத்தில் 5 வோல்ட்டில் 12,000 எம்ஏஎச் என்பது போல இன்னொரு எண் இருக்கும். 12,000-ஐ 5-ஆல் பெருக்கினால் 60 வாட்-மணி. உள்ளே இருந்தது 74. அப்படியானால் காணாமல் போனது 8,000 எம்ஏஎச் இல்லை, 3.7 வோல்ட்டை 5-ஆக உயர்த்தும்போது சூடாகப் போன 14 வாட்-மணி மட்டும்தான். மீதி 60-ஐ 19 வாட்-மணி ஃபோனுக்கு ஏற்றினால், ஃபோனுக்குள் போகும் நட்டத்தையும் கழித்து, மூன்று முறைக்குக் கொஞ்சம் குறைவாகவே நிரப்பலாம். 20,000-ஐ 5,000-ஆல் வகுத்து நான்கு முறை என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

வாட்-மணியும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. புதிதாக இருந்தபோது எவ்வளவு என்பதுதான் அந்த எண். மூன்று வருடம் உழைத்த பேட்டரியில் அவ்வளவு இருக்காது. லேபிளே பொய் சொல்லவும் செய்யும். அதைப் பிடிக்க எடை உதவும். 74 வாட்-மணிக்கு நல்ல செல் மட்டுமே ஏறக்குறைய 300 கிராம் வரும், மேலே உறை, மின்சுற்றுப் பலகை எல்லாம் சேரும். 50,000 எம்ஏஎச் என்று எழுதியிருக்கும் பவர்பேங்க் அதே 300 கிராம்தான் இருந்தால், அந்த எண் உண்மையாக இருக்க வழியே இல்லை. 185 வாட்-மணிக்கு செல் மட்டுமே 700 கிராமைத் தாண்டும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சோதனை அதிகாரி எடை போட்டுப் பார்க்கப் போவதில்லை, லேபிளைத்தான் படிப்பார். பொய்யான 50,000-ஆல் உங்கள் பவர்பேங்க் 160-ஐத் தாண்டியதாகிவிடும். லேபிள் அழிந்து எண்ணே தெரியாவிட்டாலும் அதை விட்டுவிட்டுப் போகச் சொல்லலாம்.

புறப்படுமுன் இன்னும் சில வேலைகள். எத்தனை பவர்பேங்க் கொண்டுபோகலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரில் பேட்டரியின் உலோக முனைகள் சாவி, காசு எதிலும் படாதபடி டேப் ஒட்டிவிடுங்கள், அல்லது அதனுடன் வந்த மூடியைப் போடுங்கள். ட்ரில் மெஷினைக் கைப்பையில் விடமாட்டார்கள். ஆகவே மெஷின் பெட்டியில், பேட்டரி கழற்றிக் கையில். விமானத்தில் ஏறிய பிறகும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டிலும் பவர்பேங்கால் ஃபோனுக்குச் சார்ஜ் போடவும் கூடாது, இருக்கையில் உள்ள யூஎஸ்பியில் பவர்பேங்குக்குச் சார்ஜ் ஏற்றவும் கூடாது.

தம்பி அங்கே உட்கார்ந்தபடியே விமான நிறுவனத்துக்கு 111 வாட்-மணி பவர்பேங்குக்காக எழுதிக் கேட்டார். 5.0Ah பேட்டரிக்கு என் பையில் இருந்த கறுப்பு டேப்பைக் கிழித்து ஒட்டினோம். 9.0Ah பேட்டரியை விட மனசே இல்லை, விலை அதிகம். திரும்பி வரும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி, விடுதியில் கூட இருக்கும் அண்ணனிடம் கொடுத்துவிட்டுத்தான் திருச்சிக்குப் போனார்.